கருப்பட்டிக்குப் பேர் வைக்கிற படலம்

ஏலே மக்கா, எல்லாரும் வந்தாச்சா? மன்றத் தலைவரு எங்க? செல்போனுக்குள்ள இருக்காரா? சரி, அங்கேயே இருக்கட்டும். இன்னைக்குப் பாடமும் அதுக்குள்ளதான் இருக்கு.

நேத்து ராத்திரி நீங்க ஆன்லைன்ல ஏத்தின நம்ம கருப்பட்டிக்கு வச்ச தலைப்ப எம் பேத்தி வாசிச்சுக் காட்டினா. "100% ஒரிஜினல் பியூர் ஆர்கானிக் கெமிக்கல் ஃப்ரீ சுகர் ஃப்ரீ நம்பர் 1 உடன்குடி கருப்பட்டி தேன் நாட்டுச்சர்க்கரை டயபடீஸ் ஸ்பெஷல்." வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக்குத் தொண்டை வறண்டுபோச்சு. கல்யாணப் பத்திரிகையில கூட மாப்பிள்ளைக்கு இம்புட்டுப் பட்டம் போடமாட்டாம்லே.

தேடுறவன் போன்ல முதல் ஒண்ணு ரெண்டு வரிதான் தெரியும், அப்புறம் மூணு புள்ளி. உங்க தலைப்புல அவனுக்குத் தெரிஞ்சது "100% ஒரிஜினல் பியூர் ஆர்கானிக்" வரைக்குந்தான். என்ன சாமான்னே சொல்லல. சாணியா இருந்தாலும் அந்தப் பேரு பொருந்தும்.

ஆர்கானிக்குன்னு போட்டிருக்கியே, சான்றிதழ் எங்க? வாங்கியிருந்தா போடு, இல்லன்னா எடு. கெமிக்கல் இல்லையாம். பதநீரு புளிக்காம இருக்கக் கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுறது உங்க அப்பந்தானலே? பனையேறியெல்லாம் அதத்தான் செய்யுறான், அதுல ஒரு தப்பும் இல்ல. இல்லன்னு எழுதுறதுதான் தப்பு. உடன்குடியாம்! அந்தக் கருப்பட்டி புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. நம்ம பனை நிக்கிறது வேம்பார் பக்கம். அடுத்த ஊருக்காரன் இனிஷியலப் போட்டுக்கிட்டு அலைவியா? தேனுன்னு தேடுறவங்கிட்டக் கருப்பட்டியக் கொண்டுபோய்க் காட்டினா வாங்கவா போறான்? வையத்தான் செய்வான்.

இதெல்லாம் கூடச் சிரிச்சுட்டுப் போயிரலாம். சிரிக்க முடியாதது அந்த "சுகர் ஃப்ரீ". யாருலே அத எழுதினது? நீயா? சீனி கலக்கலங்கிறதத்தான் அப்படிச் சொன்னியாக்கும். ரெண்டும் ஒண்ணில்ல ராசா. காய்ச்சும்போது சட்டியில சீனியக் கொட்டல, அது உண்மை. ஆனா கருப்பட்டியே இனிப்புதானே. சீனியில இருக்கிற சுக்ரோஸ்தான் இதுலயும் பெரும்பங்கு. பதநீருல இருந்து வந்துச்சேன்னு ரத்தத்துல ஏறாம நிக்குமா? சக்கர வியாதிக்காரன் உன் தலைப்ப நம்பி ரெண்டு வட்டத் தின்னுட்டு ஆஸ்பத்திரியில போய்ப் படுப்பான். டயபடீஸ் ஸ்பெஷல்னா அவனுக்கு அதான் ஸ்பெஷல். நோயத் தீக்கும்னு தின்னுற சாமான் மேல எழுதக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதியிலயே இருக்கு.

"சீனி கலக்காதது"ன்னு எழுது. அதையும் நம்ம கூடத்துல, நம்ம கண்ணு முன்னால காய்ச்சினதுக்கு மட்டும் எழுது. ஆர்டர் கூடிப்போச்சுன்னு சந்தையில வாங்கி அனுப்புறியா, அந்தச் சட்டிய நீ எட்டிப் பாத்தியா? பாக்கலல்ல, அப்ப அந்த வார்த்த அந்தச் சரக்குக்கு வேண்டாம்.

இப்பப் போன எடு. வாயால சொல்லி எழுதவைக்காத. போன தடவ நான் கருப்பட்டின்னேன், அது கருப்புப் பெட்டின்னு எழுதிருச்சு. விரலால தட்டு. சாமான் பேரு முன்னால, அப்புறம் எடை, அப்புறம் பக்குவம், கடைசியில ஊரு. வெளியூர்க்காரன் இங்கிலீசுல தேடுவான், அதையும் பேரோட சேத்துரு. வெறும் Jaggery-ன்னு விட்டா கரும்பு வெல்லம்னு நினைப்பான். Palm-ங்கிறது கண்டிப்பா வேணும்.

```
பனங்கருப்பட்டி (Palm Jaggery) 1 கிலோ, சீனி கலக்காதது, வேம்பார் பகுதி
```

அம்புட்டுத்தான். "புதுசு"ன்னு சேக்கவாங்கிறான் பாரு. இன்னைக்குப் புதுசுதான், ஐப்பசி மழைக்கு அது கசியும்போதும் தலைப்புல புதுசுன்னுதான் நிக்கும், நீயா மாத்தப்போற? சுக்குக் கருப்பட்டிக்கு இதையே காப்பியடிச்சு ஏத்தினா, பேரையும் எடையையும் மாத்தினியான்னு ஒரு தரம் வாசிச்சுட்டு அமுக்கு. அரைக் கிலோவுக்கு "1 கிலோ"ன்னு தொங்கினா அது மறதின்னு எவனும் நம்பமாட்டான்.

எடைன்னதும் ஞாபகம் வருது. இந்தா, அனுப்புறதுக்குக் கட்டிவச்ச ஓலப் பெட்டி. தராசுல வை. ஆயிரம் கிராம் காட்டுதா? இப்பக் கருப்பட்டியக் கொட்டிட்டு வெறும் பெட்டிய வை. எவ்வளவுலே? அறுபதா?

அப்ப உள்ள இருக்கிறது 940 கிராம். ஓலையையும் சேத்துக் கருப்பட்டி விலைக்கு வித்திருக்க. பொட்டலத்துமேல நிகர எடையப் போடணும்னு 2011-லயே விதி வந்தாச்சு, நீ அப்ப டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச. ஒண்ணு, குறையுற அறுபது கிராம உடைச்சுப் போடு. இல்ல, தலைப்புல 940-ன்னு திருத்து. போனக் கீழ வைக்காத, இப்பவே செய்.