ஒப்படைப்பு வைபவம்

முத்தையாபுரத்துக் கருவாட்டுக் கடை ஒன்று இணையத்தில் ஏறியதாக வைத்துக்கொள்வோம். தளம் செய்துகொடுத்த தம்பி, நெத்திலி, சீலா, வாளை எல்லாவற்றையும் படம்பிடித்து ஏற்றிவிட்டார். ஆர்டர் குவிகிறது, கடை அண்ணாச்சியின் வங்கிக் கணக்கில் மட்டும் அமைதி.

காரணம் எளிது. தளத்தில் போட்ட ரேசர்பே சாவி rzp_test_ என்று தொடங்குகிறது. அது ஒத்திகைச் சாவி. நெட்பேங்கிங்கைத் தேர்ந்தெடுத்தால் பொம்மை வங்கிப் பக்கம் வரும். ‘Success’ பொத்தானை அமுக்கினால் பணம் கட்டியதாகவே கணக்கு. கருவாடு மட்டும் நிஜம்.

rzp_live_ சாவிக்கு அண்ணாச்சியின் பான் கார்டும் வங்கிக் கணக்கும் சரிபார்க்கப்பட வேண்டும். தம்பி அவசரத்தில் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார். இனி பணம் நிஜமாகவே வரும், தம்பிக்கு.

டொமைன் தம்பி மெயிலில், ஓடிபி தம்பி போனில். அண்ணாச்சியிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது, பில்.