செவலையின் கழுத்தில் என் கையெழுத்து

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும், சுழி பார்க்க வேண்டும், நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காங்கயம் பக்கத்துச் சந்தையில் அத்தனையும் செய்தேன். செவலை ஒருத்தரிடம், மயிலை இன்னொருத்தரிடம். செவலை கடை சேர்ந்த மாடு, மயிலைக்கு ஆறு பல். பல்லெல்லாம் எண்ணினவனுக்கு, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கணும் என்று மட்டும் தோன்றவில்லை. மயிலை நாலு விரல்கடை உயரம். அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பால்காரர்.

நாலு விரல்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ஸ்கூலில் பிசிக்ஸில் நான் நல்ல மார்க்.

நுகத்தடி உட்கார வேண்டிய இடம் திமிலுக்கு முன்னால், கழுத்தின் மேல். மாடு நடந்தால் திமில் தடியைத் தள்ளும். ரெண்டு மாடும் ஒரே உயரம் என்றால் தடி மட்டமாக உட்கார்ந்து, அடிப்பக்கம் முழுக்கத் தோலோடு படியும். உயரம் மாறினால் தடி சாயும். சாய்ந்த தடி படியாது, விளிம்பில் கடிக்கும். நடக்க நடக்க, பள்ளமான பக்கத்துக்கு, அதாவது செவலைப் பக்கம், சரிந்துகொண்டே வரும். நான் வண்டியில் உட்கார்ந்து, “செவலை ஏன் தலையைத் தலையை ஆட்டுது, குஷியா இருக்கும்போல” என்று வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

தடி வேறு சாதாரணத் தடி இல்லை. மரத் தடி செய்ய ஆசாரி நாள் கேட்டார். எனக்கு அவசரம். வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் ஒன்று ரெடியாக இருந்தது. ஆயுசுக்கும் உடையாது என்றார்கள். உண்மைதான், தடி உடையவே இல்லை.

நல்ல மர நுகத்தில் கழுத்து படும் இடத்தை ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் செதுக்கி, முனை மழுங்க இழைத்திருப்பார்கள். குழாய் உருண்டை. கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் படும். நாலு விரல் அகலத்தில் பரவ வேண்டிய பாரம் ஒரு விரலில் இறங்கினால் அழுத்தம் நாலு மடங்கு. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. புண் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஐம்பது வருசம் வண்டி ஓட்டினவர். என் வண்டியை ஒருநாள் நிறுத்தி, குழாயைத் தட்டிப் பார்த்தார். “ஏங்கண்ணு, மாட்டுக் கழுத்துல பைப் லைன் போட்டிருக்கியே, தண்ணி வருதா?” என்றார். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

அவர் அப்புறம் செய்ததைச் சொல்ல வேண்டும். மாட்டை அவிழ்க்கச் சொன்னார். கொஞ்ச நேரம் விட்டு, செவலையின் கழுத்தில் உள்ளங்கையை வைத்து அப்படியே நிறுத்தினார். என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். அங்கே மட்டும் சூடு. முடி ஒரு திட்டுக்கு மட்டும் கலைந்து எதிர்த் திசையில் நின்றது. லேசாக அழுத்தினால் செவலை தோலை வெடுக்கென்று சுண்டியது. “இது புண்ணு வர்றதுக்கு முந்தி வர்ற லெட்டரு. இன்னிக்கு நிறுத்துனா ஒரு வாரத்துல சரியாகும்” என்றார். சரிங்க பெரியப்பா என்றேன். மறுநாள் எருக் குப்பை அடிக்கிற வேலை இருந்தது.

நிறுத்தவில்லைதான், ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. பழைய டூ வீலர் சீட்டைக் கிழித்து, அதன் பஞ்சை எடுத்துக் குழாயில் சுற்றினேன். பார்க்க ஃபாரின் சாமான் மாதிரி இருந்தது. பஞ்சு வேர்வையைக் குடித்தது, மண்ணைக் குடித்தது, நகர்ந்து நகர்ந்து ஒரு பக்கம் உருண்டையாகத் திரண்டு, சூடான இடத்தின் மேலேயே போய் உட்கார்ந்தது. ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும். மழையில் நனைந்த கழுத்தோடு ஏர் பூட்டக் கூடாது என்று பழையவர்கள் சொல்வது இதனால்தான். நான் மழை இல்லாமலே அந்த எஃபெக்டைக் கொண்டுவந்தேன்.

குப்பை ஏற்றியதும் நானேதான். வண்டியின் முன்பக்கம் ஏறி நின்று கொட்டிக்கொள்ளச் சுலபம், அதனால் முன்பக்கமே குவித்தேன். முன்பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கும். பின்பாரமாகப் போனால் தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். சோதிக்க ரொம்பச் சுலபமான வழி இருக்கிறது. சுமை ஏற்றின வண்டியை மட்டமாக நிறுத்தி, மாடு பூட்டும் முன்னால் நுகத்தை ஒரு ஆள் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். சிரமமில்லாமல் எழும்ப வேண்டும், தானாகவும் மேலே போகக் கூடாது. நான் தூக்கிப் பார்த்தேன். எழும்பவில்லை. எனக்குத் தெம்பு பத்தவில்லை என்று நினைத்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் சூடு வீக்கமாகி, வீக்கத்தின் மேல் முடி உதிர்ந்து, நீர் கசிந்தது. கால்நடை மருத்துவர் வந்தார். புது வீக்கம் என்றால் முதல் ஒன்றிரண்டு நாள் குளிர்ந்த தண்ணீர் ஒத்தடம், அதற்குப் பிறகுதான் வெந்நீர் ஒத்தடம் என்றார். சீழ் பிடித்தால் அவரே திறப்பார், நாம் ஊசியால் குத்தக் கூடாது. ஈ முட்டை வைத்துப் புழு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு, “எத்தனை நாள்ல பூட்டலாம் டாக்டர்?” என்று கேட்டேன். அவர் புண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “முழுசா ஆறி, தோல் கெட்டியாகணும். ஆறாம பூட்டிப் பூட்டி எடுத்தா, உள்ளே கட்டியாகி ஆபரேஷன் வரைக்கும் போயிடும்” என்றார்.

ஓய்வில் நிற்கிற மாட்டுக்குக் குற்ற உணர்ச்சியோடு தீவனம் போடுகிறவன் உலகத்தில் நான் ஒருவன் மட்டுமாக இருக்க மாட்டேன். நானூறு கிலோ மாடு என்றால் ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்துக் கிலோ சோளத்தட்டு வயிற்றுக்கு. முழு நாள் உழவு என்றால் அதன்மேல் ரெண்டு கிலோ போல புண்ணாக்கு, தவிடு, ஊறின பருத்திக்கொட்டை. சும்மா நிற்கும் நாளில் அதில் பாதிக்கும் கீழே போதும். வேலைக்குத்தான் அடர்தீவனம், பாசத்துக்கு இல்லை. நான் பாசத்துக்குப் போட்டேன். அத்தோடு மாட்டுப் பொங்கலும் வந்து சேர்ந்தது.

சர்க்கரைப் பொங்கல் ஒரு அண்டா மிஞ்சியிருந்தது, செவலைக்கு வைத்தேன். வேகவைத்த அரிசியும் வெல்லமும் மாட்டு வயிற்றில் மளமளவென்று புளித்து அமிலமாகிவிடும். அசை போடுவது நிற்கும், சாணி தண்ணியாக, நுரையோடு, புளித்த நாற்றத்தில் போகும், மாடு சொக்கி நிற்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊர் ஊருக்கு இந்தக் கேஸ் வருகிறது என்றார் மருத்துவர். அண்டாவில் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். “பிரசாதம் டாக்டர்” என்றேன், அளவுக்குப் பதிலாக.

சோடா உப்பு, டிரிப், ரெண்டு நாள் பட்டினி. மூணாம் நாள் செவலை தட்டைக் கடித்து அசை போட ஆரம்பித்தபோது, வேறு யாராவது என்னைப் பார்த்திருந்தால் சொத்து கிடைத்தவன் என்று நினைத்திருப்பார்கள். அன்றைக்குத்தான் கவனித்தேன், தின்பதற்கு ஆகும் நேரத்துக்குக் குறையாமல் அசை போடவும் ஆகிறது. காலையில் அவசரமாகத் திணித்துவிட்டுப் பூட்டினால் அது வெறும் பாரம். பெரும்பங்கு தட்டு ராத்திரிக்கு, படுத்து அசை போட முழு ராத்திரி. இதற்கு முன்னால் நான் விடிகாலையில் திணித்துக்கொண்டிருந்தேன். விடிகாலை என்று எங்கள் வீட்டில் சொல்வது எட்டு மணியை.

அந்த எட்டு மணிதான் சித்திரையில் மாட்டிவிட்டது. புண் ஆறி, குழாயைப் பழைய இரும்புக்குப் போட்டு, ஆசாரியிடம் கெஞ்சி மரத் தடி வாங்கியாகிவிட்டது. பெரியவர் ஒரு வித்தையும் சொல்லிக் கொடுத்தார். ரெண்டு கழுத்துக்கும் நடுவில் 48 அங்குலம். ஏர்க்கால் கட்டும் இடத்தை நடுவிலிருந்து ரெண்டு அங்குலம் மயிலைப் பக்கம் தள்ளிக் கட்டச் சொன்னார். இழுவை 80 கிலோ என்றால் மயிலைக்கு 43, செவலைக்கு 37 கிலோ. இது பிசிக்ஸ் என்று அவருக்கு நான் விளக்கினேன். “அப்படியா கண்ணு” என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். உயரத்துக்கு மட்டும் இந்த வித்தை உதவாது. அதற்கு ஜோடி மாற்ற வேண்டும், இல்லை கனமான வேலைக்கு ரெண்டையும் சேர்த்துப் பூட்டாமல் இருக்க வேண்டும்.

கோடை உழவு என்றால் அஞ்சு மணிக்குப் பூட்டி, பத்துக்கு அவிழ்த்துவிட வேண்டும். மிச்சம் வெயில் தாழ்ந்தபின். நான் எழுந்து, பேப்பர் பார்த்து, பூட்டும்போது ஒன்பது. உச்சி நெருங்கும்போது செவலை வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. எச்சில் கயிறாகத் தொங்கியது. பிறகு சால் நடுவிலேயே படுத்துவிட்டது. வரப்பில் போன ஒருவர் “வாலைக் கடிங்க, எந்திரிக்கும்” என்று ஐடியா கொடுத்தார். என் பல்லின் நிலைமையை நினைத்து அதைச் செய்யவில்லை.

நுகத்தைக் கழற்றி, வேம்பு நிழலுக்கு நடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். மூச்சு சீராகச் சாயங்காலம் ஆனது. தாமதமாக எழுந்ததற்குச் சட்டமும் இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. இழுவை மாடுகளுக்கு 1965-இல் மத்திய அரசு போட்ட விதிகளின்படி, வெயில் 37 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்கவோ பாரம் சுமக்கவோ வைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவெளி விடாமல் அஞ்சு மணி நேரத்துக்கு மேலும் கூடாது. வீட்டுக்காரி இதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “இதே மாதிரி எனக்கு ஏதாவது இருக்கா?” என்றாள்.

இப்போது அலாரம் நாலரைக்கு. அவிழ்த்ததும் கழுத்தைத் தண்ணீரில் கழுவுகிறேன், இல்லாவிட்டால் காய்ந்த வேர்வையும் மண்ணும் சேர்ந்து உப்புத்தாள் ஆகிவிடும். துடைத்து, உள்ளங்கை வைத்துப் பார்த்து, சூடு இருந்தால் மறுநாள் லீவு. ஆறிய இடத்தில் செவலைக்கு முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. மயிலைக்கு வந்திருந்தால் நிறத்தோடு நிறமாகப் போயிருக்கும். செவலையில் பத்தடிக்கு அந்தப் பக்கமிருந்தே தெரிகிறது.

போன மாசம் ஒரு வியாபாரி வந்தார். பல் பார்க்கவில்லை, சுழி பார்க்கவில்லை. நேராகக் கையைக் கொண்டுபோய் அந்த வெள்ளையில் வைத்தார். “மயிலைய நல்ல விலைக்கு எடுத்துக்கறனுங். செவலைய நீங்களே வெச்சுக்கங்க, அது உங்களத் தாங்கிப் பழகிருச்சு” என்றார்.