பதிமூன்றரைக் கோடிக்கு ஒரு கூட்டல்

அரிமளம் கடைவீதியில் மளிகைச் சிட்டையில் பத்து ரூபாய் கூடிப்போனால், கடைக்காரர் மறுநாள் வரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பில் பதிமூன்றரைக் கோடி கூடிப்போனால்? குற்றவாளி விடுதலை ஆவார். முதலமைச்சரும் ஆவார்.

2015 மே 11. ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கு. கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசாமி 900 பக்கத்துக்கு மேல் தீர்ப்பு எழுதினார். அதில் ஒரு கடன் பட்டியல். பட்டியலில் உள்ள கடன்களைக் கூட்டினால் 10 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் வருகிறது. தீர்ப்பில் இருந்த மொத்தம் 24 கோடியே 17 லட்சத்துச் சொச்சம். வித்தியாசம் சில்லறை இல்லாமல் 13 கோடியே 50 லட்சம். தப்பிலும் ஒரு நேர்த்தி.

கடனை வருமானத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கடன் ஊதினால் வருமானம் ஊதும். வருமானம் ஊதினால் அதற்கு மிஞ்சிய சொத்து சுருங்கும். சுருங்கி 2 கோடியே 82 லட்சத்தில் நின்றது. வருமானத்தில் 8.12 சதவீதம். பத்துக்குள் அடக்கம், ஆகவே விடுதலை. கூட்டலைச் சரியாகப் போட்டால் அதே கணக்கு 76 சதவீதத்தைத் தாண்டுகிறது.

நீதிபதி ஒரு எந்திரம் என்று நம்பும் சட்டப் பண்டிதர்கள் உண்டு. மேலே சட்டத்தைப் போடு, உண்மைகளைப் போடு, கீழே தீர்ப்பு விழும். இவர்கள் வடிவவாதிகள். யதார்த்தவாதிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஹட்சிசன் என்ற அமெரிக்க நீதிபதி 1929லேயே எழுதிவிட்டார்: சிக்கலான வழக்கில் எனக்கு முதலில் வருவது ஓர் உள்ளுணர்வு, காரணங்கள் பிறகுதான் வரும் என்று. நம் ஊரில் எந்த நீதிபதியும் இப்படி ஒப்புக்கொண்டு நான் படித்ததில்லை. இங்கே எல்லோருக்கும் சட்டம் மட்டும்தான் பேசும். உள்ளுணர்வு அமெரிக்க இறக்குமதி.

சரி, அந்த எந்திரத்துக்குள் போடும் உண்மைகள் எங்கிருந்து வருகின்றன? ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் சுதாகரன் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் தமிழ்நாடே வாய்பிளந்து பார்த்த கல்யாணம். செலவு 6 கோடியே 45 லட்சம் என்றது அரசுத் தரப்பு. 3 கோடி என்றார் விசாரணை நீதிபதி குன்ஹா. 28 லட்சத்துச் சொச்சம் போதும் என்றார் குமாரசாமி. ஒரே பந்தல், ஒரே பந்தி, ஒரே சாட்சியங்கள். சட்டத்தில் ஒரு கமாவும் மாறவில்லை. மாறியது நீதிபதி.

யாருடைய நெஞ்சையும் பிளந்து பார்த்து நான் சொல்லவில்லை. தேவையும் இல்லை. யதார்த்தவாதிக்கு லஞ்சக் கதை வேண்டாம். எந்தச் சாட்சியை நம்புவது, எந்த ரசீதை ஒதுக்குவது என்கிற தேர்வு போதும். எடை அங்கே போடப்பட்டுவிடுகிறது. சட்டப் பிரிவு கடைசியில் வந்து முத்திரை குத்துகிறது.

இன்னொன்று கவனியுங்கள். அந்தப் பத்து சதவீதம் ஊழல் தடுப்புச் சட்டத்தில் எங்குமே இல்லை. கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி என்ற அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய சலுகை அது. அவருடைய மொத்த வருமானம் ஒன்றேகால் லட்சத்துச் சொச்சம். மிஞ்சியது சுமார் 11,000 ரூபாய். போனால் போகட்டும் என்று விட்டார்கள். பதினோராயிரத்துக்குக் காட்டிய இரக்கத்தை 2 கோடியே 82 லட்சத்துக்கு நீட்டினால் அதற்குப் பெயர் முன்னுதாரணம். சம்பாதிப்பது பெருகப் பெருக மன்னிப்பும் பெருகும். சின்னத் திருடனுக்குச் சின்னக் கழிவு, பெரியவருக்குப் பெரிய கழிவு. இதுவும் போதாதென்று, 20 சதவீதம் வரை போகலாம் என்ற ஆந்திர அரசின் சுற்றறிக்கையையும் தீர்ப்பு துணைக்கு அழைத்தது. தமிழ்நாட்டு வழக்கு, கர்நாடக நீதிமன்றம், ஆந்திரச் சுற்றறிக்கை. தென்னக ஒற்றுமை!

வடிவவாதிக்கும் ஒரு நியாயம் பாக்கி இருக்கிறது. தீர்ப்பைக் காரணத்தோடு எழுதியாக வேண்டும் என்ற வடிவம் இருந்ததால்தான் அந்தப் பட்டியல் தாளில் ஏறியது. ஏறியதால்தான் அரசு வழக்கறிஞர் ஆச்சார்யா கூட்டிப் பார்த்தார். 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று எழுதியிருந்தால் யார் கூட்டிப் பார்ப்பது? ஆகவே தீர்ப்பு படிப்பவர்களே, மேற்கோள்கள் வரிசைகட்டி நிற்கும் பக்கங்களில் மயங்காதீர்கள். ஒரு பெரிய தொகை ஒரே வரியில் கடந்துபோகும் இடத்தில் நின்று, கையில் பேனாவை எடுங்கள்.

மேல்முறையீட்டு விசாரணை முடிந்து 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ஒத்திவைத்தது. எட்டு மாதம் ஓடியது. 2017 பிப்ரவரி 14 அன்று கூட்டல் தப்பு என்று சொல்லி, குன்ஹாவின் தண்டனைத் தீர்ப்பை மீட்டது. உடன் குற்றம் சாட்டப்பட்ட சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் நான்காண்டுச் சிறைக்குப் போனார்கள். முதல் குற்றவாளி ஜெயலலிதா மீதான மேல்முறையீடு அற்றுப்போயிருந்தது. அந்த அம்மாள் இறந்து 71 நாள் ஆகியிருந்தது. அதற்குள் அவர் இரண்டு முறை முதலமைச்சராகப் பதவியேற்றிருந்தார். கூட்டல் சரிபார்க்கும் வரை மாநிலம் காத்திருக்குமா என்ன?