கணக்குப்படி இன்னும் சான்ஸ் இருக்கு!

குடும்ப வாட்சப் குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கும் முட்டிவலி வைத்தியத்துக்கும் நடுவில் புள்ளிப்பட்டியல் ஸ்கிரீன்ஷாட் ஒன்று வந்து விழுகிறது. நான்காவது இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஏழாவது இடத்திலிருந்து அதை நோக்கி ஒரு அம்புக்குறி, கீழே ‘கணக்குப்படி இன்னும் சான்ஸ் இருக்கு’ என்று ஒரு வரி. அனுப்பியவர் யார் என்று பார்க்க வேண்டியதே இல்லை, ரன்ரேட் அண்ணன்தான். மைதானத்தில் பந்து எந்தப் பக்கம் திரும்புகிறது, யாருக்கு முழங்கால் சரியில்லை என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விஷயம். அவர் கிரிக்கெட் பார்ப்பதே பட்டியலில்தான். இவரைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால், அவருடைய கணக்கே வெட்டிவேலை என்று சொல்பவர்களோடு சேர்ந்துகொள்ள முடியாது. அந்தப் படத்தில் உண்மையிலேயே விஷயம் இருக்கிறது. அது எப்போது இருக்கிறது, எப்போது இல்லை என்பதை மட்டும் அண்ணன் பார்ப்பதில்லை.

இருக்கும் நேரத்தை முதலில் பார்த்துவிடலாம். 2024 ஐ.பி.எல்., மே 18, பெங்களூரு. சென்னையும் பெங்களூருவும் தலா 13 ஆட்டம் முடித்திருந்தன. சென்னைக்கு 14 புள்ளி, ரன்ரேட் +0.528. பெங்களூருவுக்கு 12 புள்ளி, +0.387. பெங்களூரு ஜெயித்தால் புள்ளிகள் சமமாகிவிடும், அதற்கப்புறம் ரன்ரேட்தான் பேசும். நிகர ரன்ரேட் என்பது தொடர் முழுக்க ஓவருக்கு எத்தனை ரன் எடுத்தோம் என்பதிலிருந்து, ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தோம் என்பதைக் கழித்தால் வருவது. மொத்த ரன்னும் மொத்த ஓவரும் படத்தில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அண்ணன் அந்த ஓரத்தைக் கத்தரித்திருப்பார். பரவாயில்லை, குறுக்குவழி உண்டு. ஆட்டத்துக்கு 20 ஓவர் என்று வைத்து, 13 ஆட்டத்துக்கு 260 ஓவர். 0.528-ஐ 260-ஆல் பெருக்கினால் 137 சொச்சம். அதாவது, சென்னை அதுவரை தன் எதிரிகளைவிட மொத்தத்தில் சுமார் 137 ரன் முன்னால் நிற்கிறது. பெங்களூருவுக்கு அதே பெருக்கலில் 100 சொச்சம். இடைவெளி ஏறக்குறைய 37 ரன்.

இங்கேதான் அண்ணன் வழக்கமாகக் கவிழ்வார். ‘37 ரன் வித்தியாசத்துல ஜெயிக்கணும்’ என்று குழுவில் அறிவித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். மோதுகிறவை அதே இரண்டு அணிகள் என்பது அவர் கண்ணில் படுவதில்லை. பெங்களூரு ஒரு ரன் வித்தியாசத்தில் ஜெயித்தால் அதன் கணக்கில் ஒன்று கூடும், சென்னையின் கணக்கில் ஒன்று குறையும். இடைவெளி இரண்டு ரன் சுருங்கும். எனவே 37-ல் பாதி, பதினெட்டரைக்குப் பக்கம். அன்று பெங்களூரு 200 ரன் எடுத்தால் எத்தனை ரன்னில் ஜெயிக்க வேண்டும் என்பதற்குச் சொல்லப்பட்ட விடை 18. மூன்று தசம இடமும் ஒரு பெருக்கலும் ஒரு ரன் பிசகுக்குள் கொண்டுவந்து விட்டுவிடுகின்றன. பெங்களூரு வேறோர் அணியோடு ஆடியிருந்தால் பாதியாக்கக் கூடாது, 37-ம் முழுசாக வேண்டும், அதுவும் சென்னையின் 137 அப்படியே நின்றால். ஒரே படம்தான், ஆனால் அடுத்த ஆட்டம் யாரோடு என்று பார்க்காமல் அதிலிருந்து விடை வராது.

கணக்கு சரியா என்று சோதிப்பதற்கும் வழி இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் புதுப் பட்டியலை நாமே போட்டுப் பார்த்து, வந்த பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அன்று பெங்களூரு 218, சென்னை 191, வித்தியாசம் 27. நம் 100.6-ல் 27-ஐக் கூட்டி 280 ஓவரால் வகுத்தால் 0.456 வருகிறது, வெளியான பட்டியலில் 0.459. சென்னைக்கு நம் கணக்கில் 0.394, பட்டியலில் 0.392. கடைசித் தசமத்தில்தான் பிசகு. அண்ணன் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. ஆட்டம் முடிந்தால் அவர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

பெங்களூரு துரத்தியிருந்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. 201 என்ற இலக்கை 18.1 ஓவரில் எட்ட வேண்டும் என்றார்கள். இதைக் கேட்டால் ஏதோ தனிச் சூத்திரம் மாதிரி தோன்றும், ஆனால் பழைய கணக்குதான் வேறு சட்டை போட்டு வருகிறது. 18.1 என்றால் 109 பந்து, 11 பந்து மிச்சம். அந்தப் பருவத்தில் ஓவருக்கு ஒன்பதுக்கு மேல் ரன் ஓடிக்கொண்டிருந்ததால், மிச்சமாகும் ஒவ்வொரு பந்துக்கும் மதிப்பு ஒன்றரை ரன்னுக்குச் சற்று மேல். பதினொரு பந்துக்குப் பதினேழு, எதிரணியின் 200-ஐத் தாண்டிய அந்த ஒரு ரன்னையும் சேர்த்தால் பதினெட்டு. எத்தனை ரன் வேண்டும் என்பது தெரிந்தால் எத்தனை பந்து என்பதை மனத்துக்குள்ளேயே போட்டுவிடலாம். 18.1 என்பதைத் தசமமாக எடுத்துக்கொள்ளாமல், பதினெட்டு ஓவரும் ஒரு பந்தும் என்று படித்தால் போதும்.

இத்தனை சுலபம் என்றால் குறை எங்கே என்று அண்ணன் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். 20 ஓவர் என்று நாம் வைத்துக்கொண்டதில் இருக்கிறது. பத்து விக்கெட்டும் போன அணி 15 ஓவரில் சுருண்டாலும் விதிப்படி 20 ஓவர் ஆடியதாகவே கணக்கு, அதனால் அங்கே தொல்லை இல்லை. ஆனால், சீக்கிரம் துரத்தி முடித்த ஆட்டங்களிலும் மழை வெட்டிய ஆட்டங்களிலும் நிஜமாகவே ஓவர் குறைந்திருக்கும். மேலே வந்த ஒரு ரன் பிசகு அங்கிருந்துதான். அதைவிடப் பெரிய பள்ளம், கைவிடப்பட்ட ஆட்டம். 2024-ல் கொல்கத்தா 14 ஆட்டம் என்று பட்டியல் காட்டும், ஆனால் NR என்ற கட்டத்தில் 2 இருக்கும். ரன்ரேட்டுக்குள் போனவை 12 ஆட்டங்கள்தான். +1.428-ஐ 280-ஆல் பெருக்கினால் சுமார் 400 ரன், 240-ஆல் பெருக்கினால் சுமார் 343. ஐம்பத்தேழு ரன் காற்றில் வந்த லாபம். NR என்ற அந்த ஒல்லிக் கட்டம் படத்தில் வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்லாமல் இருப்பதே மரியாதை. அண்ணனிடம் அந்த மரியாதையை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் நம்மை அலுக்கவைப்பது பெருக்கல் பிழை அல்ல. சரியாகப் பெருக்கி, தவறான நம்பிக்கை விற்பதுதான். அதே 2024-ல் மே 14-ஆம் தேதி டெல்லி தன் 14 ஆட்டங்களையும் முடித்து 14 புள்ளியில் நின்றது, ரன்ரேட் -0.377. ஹைதராபாத்துக்கும் 14 புள்ளி, 12 ஆட்டத்தில் +0.406, இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி. ‘டெல்லிக்கு இன்னும் சான்ஸ் இருக்கு’ என்ற வரி அன்றைக்கும் நாடெங்கும் பறந்திருக்கும். நம் குறுக்குவழியிலேயே போட்டுப் பார்க்கலாம். ஹைதராபாத் 97 ரன் முன்னால், டெல்லி 106 ரன் பின்னால். அதாவது ஹைதராபாத் இரண்டு ஆட்டத்திலும் தோற்க வேண்டும், இரண்டும் சேர்த்து 200 ரன்னுக்கு மேல் தோற்க வேண்டும். அதோடு சென்னை பெங்களூருவை வீழ்த்தவும் வேண்டும். 9.4 ஓவரில் 166 ரன் இலக்கை விழுங்கிவிட்டு வந்த அணி அடுத்த இரண்டு ஆட்டத்தில் நூறு நூறாகத் தோற்கும் என்று காத்திருப்பதற்கு, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போன பிறகும் பந்தலில் வாழைமரம் காய்க்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிற பொறுமை வேண்டும். மே 16 அன்று ஹைதராபாத்தில் மழை. ஒரு பந்துகூட வீசவில்லை. ஆளுக்கொரு புள்ளி, ஹைதராபாத்துக்கு 15. அண்ணனின் அம்புக்குறிகள் அத்தனையும் ஒரே தூறலில் கரைந்தன. ‘கணக்குப்படி’ என்ற சொல் கூடும், கூடாது என்பதை மட்டும்தான் சொல்கிறது, நடக்குமா என்பதைச் சொல்வதில்லை. டெல்லிக்காரருக்கு அன்று தேவைப்பட்டது ‘200 ரன்’ என்ற எண் ஒன்றுதான். அதைச் சொன்னால் அவரே சிரித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். எண்ணை மறைத்து ‘சான்ஸ்’ என்பதை மட்டும் அனுப்புவது பாதகம்.

டிவியில்தான் எல்லாம் போடுகிறார்களே, இவர் எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். இதற்கு 2023 ஆசியக் கோப்பை பதில் சொல்லும். லாகூரில் இலங்கை 291 எடுத்தது. அடுத்த சுற்றுக்குப் போக ஆப்கானிஸ்தான் 292-ஐ 37.1 ஓவரில் எட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 37 ஓவர் முடிவில் 289, ஒரு பந்தில் மூன்று ரன். அந்தப் பந்தில் முஜீப் தூக்கி அடித்து அவுட். கதை முடிந்தது என்று ஆப்கன் வீரர்கள் நினைத்தார்கள். முடியவில்லை. வெற்றிக்கான கடைசி அடி சிக்ஸராக இருந்தால் ஆறு ரன்னும் கணக்கில் சேரும், அதனால் 37.4 ஓவருக்குள் 295 எடுத்தாலும் போதும். இன்னும் மூன்று பந்து உயிரோடு இருந்தது. பரூக்கி இரண்டு பந்தைத் தடுத்தார், மூன்றாவதில் எல்பிடபிள்யூ. எதிர்முனையில் ரஷித் கான் நின்றுகொண்டிருந்தார். இந்தக் கணக்கைத் தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார் பயிற்சியாளர் ஜொனாதன் டிராட். அன்று அந்த டக்அவுட்டில் நம் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர் வாழ்நாளெல்லாம் அனுப்பிய படங்கள் அத்தனையையும் மன்னித்திருக்கலாம்.

ஆகவே அண்ணனிடம் கேட்பது மூன்றே விஷயம். படத்தில் எந்தக் கட்டத்தையும் வெட்டாதீர்கள். எத்தனை ரன், எத்தனை பந்து என்று எண்ணோடு அனுப்புங்கள். தொடர் தொடங்கி ஒரே ஆட்டம் ஆன பட்டியலை வைத்து யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லாதீர்கள், அங்கே 20 ஓவர்தான் ஆகியிருக்கிறது, ஒரே ராத்திரியில் +3 என்பது -1 ஆகிவிடும். மூன்றையும் அவர் செய்ய மாட்டார். அந்தப் பெங்களூரு ஆட்டத்தையே பாருங்கள். மே 18 இரவு கடைசி ஓவரில் சென்னை உள்ளே போக 17 ரன் வேண்டும், ஆறு பந்து. முதல் பந்தில் தோனி சிக்ஸர், அடுத்த பந்தில் அவுட். மிச்சம் 4 பந்து, 11 ரன். கணக்கு உண்மையில் பயன்படுகிற அந்த மாதிரி நிமிடங்களில்தான் அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தையும் வராது. நகம் கடித்துக்கொண்டிருப்பார்.