'1000 பேர் அமரலாம்': ஒரு கல்யாண மண்டபத்தின் கொள்ளளவு குறித்த ஆராய்ச்சி

தமிழ்நாட்டில் கல்யாண மண்டபம் பார்க்கப் போகிற எவரும் மேலாளரிடம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பேர் உட்காரலாம்?" என்பது. கிடைக்கும் பதில் பெரும்பாலும் 1000. இவ்வெண்ணின் தோற்றுவாயை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்பட்டது 60 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள, நடுவில் தூண் இல்லாத ஒரு மண்டபம். ஆய்வுக் கருவிகள்: ஒரு டேப், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மேலாளரின் பொறுமை.

மேலாளரின் முறையியல் எளிமையானது. மண்டபத்தின் பரப்பு 6000 சதுர அடி. கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுக்கு அகலத்தில் 2 அடி வேண்டும். முன் வரிசையின் முதுகிலிருந்து பின் வரிசையின் முதுகுவரை 3 அடி வேண்டும். அதில் நாற்காலி போக மிச்சமிருக்கும் ஓரடி முழங்காலுக்கானது. ஆக ஆளுக்கு 6 சதுர அடி. 6000-ஐ 6-ஆல் வகுத்தால் 1000. வகுத்தலில் பிழையில்லை. ஆனால் இக்கணக்கின்படி மணமக்களுக்கு மேடை கிடையாது, வந்தவர் நடக்க வழி கிடையாது, கதவைத் திறந்தால் அது யார் மடியிலாவது இடிக்கும்.

மேலாளர் இதற்குச் சான்றாதாரமும் வைத்திருந்தார். "கவர்மென்ட் ரூலே அதான் சார்" என்றார். உண்மையில் 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கூட்டம் நெருக்கமாகக் கூடும் கூடங்களில் ஏறத்தாழ இதையொத்த பரப்பை வைத்தே ஆளுக்குக் கணக்கிடச் சொல்கிறது. எண் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டின் நோக்கங்களும் நேரெதிரானவை. "இத்தனை பேர் வந்து அடைந்துவிட்டால் வெளியேறக் கதவு போதுமா?" என்று கேட்பதற்காக விதி மிக மோசமான கூட்டத்தைக் கற்பனை செய்கிறது. மேலாளர் அதே கூட்டத்தை விலைப்பட்டியலில் போடுகிறார். விதியைச் சொன்னால் அதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும்: சமதளத்தில் உள்ள வழிகளுக்கு ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர் அகலம். 1000 பேர் என்றால் வெளியேறும் கதவுகளின் மொத்த அகலம் ஆறரை மீட்டர். நம் மண்டபத்தில் அகலக் கதவு ஒன்று. இன்னொன்றில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் மட்டும் ஆய்வாளர் விளையாட்டை நிறுத்துகிறார். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பிடித்த தீயில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் மாப்பிள்ளையும் ஒருவர். நாற்காலிகளை எண்ணுவதற்கு முன்னால் கதவுகளைத் திறந்து பார்ப்பது நல்லது.

இனி டேப்பை விரிப்போம். மேடை 20 அடி ஆழம், அகலம் முழுவதும். அதன் முன்னால் 10 அடி வீடியோக்காரருக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் முன்வரிசை மாமாக்கள் எழுந்து நின்று பார்ப்பதற்கும் போய்விடும். வாசல் பக்கம் இன்னொரு 10 அடி சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்புக்கானது. மிஞ்சுவது 60-க்கு 60. மாப்பிள்ளை அழைப்பு வருவதற்கு நடுவில் 6 அடிப் பாதையும், இரு சுவரோரமும் 4 அடிப் பாதைகளும் விட்டால் அகலத்தில் 46 அடிதான் நாற்காலிக்கு. வரிசைக்கு 23 நாற்காலி, ஒருபக்கம் 11, மறுபக்கம் 12. நீளத்தில் 20 வரிசை. மொத்தம் 460.

மேலாளரின் எண்ணில் பாதிகூட இல்லை. தலா 6 சதுர அடி என்பது நாற்காலியின் பங்கு மட்டும்தான். மேடையும் வழியும் சேர்ந்தால் இந்த மண்டபத்தில் ஆளுக்கு 13 சதுர அடி ஆகிறது.

460-ம் நிலையான எண் அன்று. வரவேற்பு என்றால் மேடைக்கு ஏறிப் பரிசு கொடுக்க வரிசை நிற்கும். அது எப்போதும் சுவரோரப் பாதையில்தான் நிற்கும். ஆளுக்கு ஒன்றரை அடி வைத்தால் 60 அடிப் பாதையில் 40 பேர் நின்றதும் அந்தப் பாதை பாதையாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து சாப்பிடப் போக, வரிசையில் நிற்கும் கையையும் பட்டுப்புடவையையும் விலக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த ஓரத்தில் வரிசைக்கு 2 நாற்காலி வீதம் எடுத்துவிட்டால் பாதை 8 அடியாகும், நாற்காலி 420 ஆகும். வரவேற்புக்கு நேர்மையான எண் இதுவே.

இதே 60-க்கு 60-இல் வட்ட மேசை போட்டால் என்ன ஆகும்? 8 பேர் உட்காரும் மேசை 5 அடி விட்டமுடையது. நாற்காலியும் பரிமாறுபவர் நடக்கும் இடமும் சேர்த்து ஒரு மேசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10 அடி வேண்டும். சுவரோரம் ஐந்தடி விட்டால் அகலத்தில் 5, நீளத்தில் 6, ஆக 30 மேசை, 240 பேர். இன்னும் 2 மேசையைச் செருக முயன்றால், சாம்பார் வாளியோடு வருபவர் யாருடைய முதுகை இடிக்கிறார் என்பதில் அதன் விளைவு தெரிந்துவிடும்.

வகுப்பறை அமைப்பு மண்டபக்காரர்களுக்குப் பிடிக்காதது. ஏதாவது கம்பெனி பயிற்சி நடத்தும்போதுதான் கேட்பார்கள். ஆறடி மேசைக்கு 2 பேர், வரிசைக்கு 5 அடி. பாதை போக இருபுறமும் மும்மூன்று மேசை, 12 வரிசை, 144 பேர். மேசைக்கு 3 பேர் என்று 216 சொல்வார்கள். நடுவில் உட்கார்ந்தவர் குறிப்பெடுக்கும்போது பக்கத்தவரின் முழங்கையைக் கேட்டால் உண்மை தெரியும்.

ஆக ஒரே மண்டபம் 460, 240, 144. ஆனால் ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு வேறு. முதல் அமைப்பு தானாகவே இரண்டாவதாக மாறும் இயல்புடையது. ஏழு மணிக்கு நேர்வரிசையாக இருக்கும் நாற்காலிகள், எட்டு மணிக்குள் வட்டமாகிவிடும். மதுரைச் சித்தி வந்ததும் முன்வரிசையில் இருப்பவர் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்புவார். அவ்வளவுதான், ஆறு பேர் வட்டமிட்டுவிட்டார்கள். 36 சதுர அடியில் இருந்த ஆறு நாற்காலிக்கு இப்போது எட்டடிக்கு எட்டடி, 64 சதுர அடி வேண்டும். மேசை இல்லாத விருந்து அமைப்பு இது. இப்படி 20 வட்டம் உண்டானால் 560 சதுர அடி போய்விடும். அவை பாதைக்குள்தான் பிதுங்கும். நாற்காலிக் கால்களை நான்கு நான்காகச் சேர்த்துக் கட்டிவிடுவது பந்தல்காரர்கள் கண்ட மருந்து. கட்டிய நான்கையும் ஒன்றாகத் தூக்கித் திருப்பிய அத்தைமார் உண்டு.

பிறகு எப்படி 1200 பத்திரிகை கொடுத்த கல்யாணங்கள் இதே மண்டபத்தில் நடக்கின்றன? யாரும் உட்கார்ந்தே இருப்பதில்லை என்பதால்தான். ஆறரைக்கு வந்தவர் மேடையேறி, பந்தியில் சாப்பிட்டு, எட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். அந்த நாற்காலி அடுத்தவருக்கு. மாலை முழுக்க ஒரு நாற்காலியை இரண்டு மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள். முகூர்த்தத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் உள்ளே இருப்பார்கள், எல்லாரும் மேடையைப் பார்க்க வேண்டும். எனவே மண்டபத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது முகூர்த்தத்துக்கு வருவோரை வைத்துத்தான். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிக்குப் பின்னால் நின்று, முன்னால் உட்கார்ந்திருப்பவர் பாயசம் குடித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எத்தனை சதுர அடி என்பதை எந்த விதித்தொகுப்பும் சொல்லவில்லை. அது தனி ஆய்வு.

இவ்வளவையும் தாளில் வரைந்து மேலாளரிடம் காட்டியபோது அவர் ஒரே ஒரு ஆட்சேபம் எழுப்பினார். "சின்னப் பிள்ளைங்க மடியிலதானே சார் உட்காருவாங்க? அவங்களைக் கணக்குல சேர்க்கலியே." வாதம் ஏழு மணிவரை செல்லும். ஒன்பது மணிக்கு அதே பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுத்துவிடுகிறார்கள். அங்கே ஆளுக்கு 12 சதுர அடி.