சோடி எங்கே?

பசுவந்தனையில் நாங்கள் படித்த காலத்தில் பள்ளிச் சுற்றுலா என்றால் ஒரே பஸ், கட்டுச்சோறு, எட்டயபுரம் பாரதி மண்டபம், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை. கொஞ்சம் துணிந்தால் திருச்செந்தூர், கன்னியாகுமரி. பஸ் கிளம்புமுன் சார் படியில் நின்று பெயர் வாசிப்பார். "உள்ளேன் ஐயா" என்று குரல் வரும். குரல் வந்தால் பிள்ளை வந்ததாகக் கணக்கு.

கைலாசநாதர் கோயில் தேரோட்டத்துக்கும் ஊர்ச் சந்தைக்கும் எந்தப் பிள்ளையும் தனியாகவே போய் வரும். வழி தவறினாலும், "நீ இன்னார் மகன்லா?" என்று கேட்டு வீட்டில் கொண்டுவந்து விட ஆள் இருந்தது. அந்த நம்பிக்கையோடுதான் கன்னியாகுமரிக்கும் போனோம். அங்கே நம்மைத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

காந்தி மண்டபத்து வாசலில் அன்று நாலைந்து பள்ளிப் பிள்ளைகள் கலந்து நின்றார்கள். எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர். சார் தலை தலையாகத் தொட்டு எண்ணினார். முப்பத்தாறு சரியாக இருந்தது. கூட்டமாக நடந்து போய் பஸ்ஸில் ஏறினோம். அங்கே மறுபடி எண்ணவில்லை. நாகர்கோவிலைத் தாண்டியபோது ஜன்னலோரத்துப் பையன் ஒருவன் அழ ஆரம்பித்தான். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் ஏறவே இல்லை. "முன்னாடி சீட்டுல இருப்பான்னு நினைச்சேன் சார்" என்றான். மண்டபத்தில் எண்ணியபோது வேறொரு பள்ளிப் பிள்ளையின் தலை எங்கள் முப்பத்தாறில் சேர்ந்துவிட்டது. எங்கள் பையன் சிப்பிக் கடையில் நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸைத் திருப்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அன்று கணக்கு தப்பவில்லை, ஆள்தான் தப்பினான். எத்தனை பேர் என்பதை எண்ணிக்கை சொல்லும், யார் யார் என்பதைச் சொல்லாது. காணாமல் போனவனை முதலில் அறிந்தவன் பக்கத்து சீட்டுக்காரன். ஆனால் அவனிடம் யாரும் கேட்கவில்லை. தானாகச் சொல்ல வேண்டும் என்றும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பின்னாளில் நானே ஆசிரியராகிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது சோடி முறைக்கு மாறினோம். இது வெளிநாட்டுச் சாரணர் முகாம்களில் நீச்சலுக்காக வந்த பழக்கம். தண்ணீரில் இருக்கும் பிள்ளைகள் சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தங்கள் சோடியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். கடலும் திருவிழாக் கூட்டமும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். இரண்டிலும் ஒரு தலை மறைந்தால் சத்தமே கேட்காது.

இப்போது எப்படிச் செய்கிறோம் என்பதை ஒரு கன்னியாகுமரிப் பயணத்தை வைத்தே சொல்கிறேன். பெயர் கொடுத்தவர்கள் 43 பேர். காலையில் இரண்டு பேர் வரவில்லை. பஸ் கிளம்புமுன்பே சோடியைத் திருத்தினோம். 19 சோடி, மூன்று பேர் கொண்ட ஒரு கூட்டு, ஆக 41. துணை வராத பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கிளம்பினால் அந்தப் பிள்ளைதான் அன்று முழுக்க யார் கண்ணிலும் படாமல் நடக்கும்.

சோடி சேர்ப்பதில்தான் யோசனை அதிகம் வேண்டும். உயிர்த் தோழர்கள் இரண்டு பேரைச் சேர்த்தால் இரண்டு பேரும் சேர்ந்தே காணாமல் போவார்கள். அடங்காத பிள்ளைக்குக் காவலாக அமைதியான பிள்ளையைப் போட்டால், அந்தப் பிள்ளைக்குச் சுற்றுலாவே தண்டனையாகிவிடும். நடை வேகம் ஒத்த இருவரை, பேசிப் பழகிய, ஆனால் ஒட்டித் திரியாத இருவரைச் சேர்க்க வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு அன்று பேச ஓர் ஆள் கிடைக்கும். சாப்பாட்டைப் பங்கிட ஓர் ஆள் கிடைக்கும். எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஒவ்வொரு சோடிக்கும் ஓர் எண் உண்டு. "சோடி!" என்று சத்தம் கொடுத்தால் இருவரும் கைகோத்துத் தூக்கி, தங்கள் எண்ணைச் சேர்ந்தே சொல்ல வேண்டும். ஒரே குரல் வந்தால் உடனே தெரிந்துவிடும். பழைய "உள்ளேன் ஐயா"வில் கூட்டாளிக்காக இன்னொருவன் குரல் கொடுத்துவிடலாம். கோத்துத் தூக்கிய கையில் அந்த ஏமாற்று நடக்காது. இரைச்சலில் குரல் கேட்காத இடத்தில் கையைப் பார்த்து எண்ணலாம். சோடிகளைக் கம்பு அணி, குதிரைவாலி அணி, பருத்தி அணி என்று பிரித்துப் பெயர் வைத்துவிட்டால், எந்த அணி முந்தி எண்ணி முடிக்கிறது என்று பிள்ளைகளே பந்தயம் கட்டுகிறார்கள். எண்ணுவதே விளையாட்டாகிவிடும்.

எண்ணும் இடம் முக்கியம். கிடை ஆடுகளை எண்ணுகிறவர் மேய்ச்சல் காட்டில் எண்ண மாட்டார், ஒன்றொன்றாய் வரும் பட்டி வாசலில் நின்று எண்ணுவார். அதுபோல பஸ் படி, நுழைவு வாசல், கழிப்பறை வாசல் என்று ஒடுங்கிய இடங்களில்தான் எண்ணுகிறோம். இரண்டு ஆசிரியர் தனித்தனியாக எண்ணித் தாளில் எழுதிய பிறகே ஒப்பிடுகிறார்கள். முதலாமவர் "நாப்பத்தொண்ணு" என்று வாய்விட்டுச் சொன்னால் அடுத்தவர் கண்ணுக்கும் நாற்பத்தொன்றே தெரியும். இரண்டு தாளும் ஒத்த பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பார்.

விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும் இடத்தில்தான் சிக்கல். வரிசை எங்கே அறுபடும் என்று நம் கையில் இல்லை. அன்று எங்கள் பிள்ளைகளில் 17 பேர் ஏறினதும் படகு நிறைந்துவிட்டது என்று நிறுத்தினார்கள். ஒன்பதாவது சோடியில் ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. உள்ளே போனவளைத் திரும்ப இறக்கினோம். எட்டுச் சோடி, 16 பிள்ளைகள், அவர்களோடு இரண்டு ஆசிரியர், அவர்களுக்கென்று தனிப் பட்டியல். மீதி 25 பேர் அடுத்த படகில். பாறையில் இரண்டு கூட்டமும் சேர்ந்து உட்கார்ந்த பிறகுதான் 41 என்று ஒன்றாக எண்ணினோம். அதுவரை 16 என்பதும் 25 என்பதும் தனித்தனிக் கணக்குகள்.

இத்தனைக்குப் பிறகும் பிள்ளை தவறலாம். அதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்று. தனியாகிவிட்டால் நின்ற இடத்தில் நில், எங்களைத் தேடி நடக்காதே. சோடிக்காரருக்கும் ஒன்றே ஒன்று. துணையைக் காணோம் என்றால் உடனே கத்து, திட்டமாட்டோம். பத்து நிமிஷத்துக்கு முன்னால் எண்ணியிருந்தால் பத்து நிமிஷ நடைத் தூரத்துக்குள் தேடினால் போதும். ஒரு மணி நேரமாக எண்ணவில்லை என்றால் ஊரையே தேட வேண்டும். ஓர் ஆசிரியர் கடைசியாக எண்ணிய இடத்துக்குத் திரும்பிப் போவார். மற்றவர்கள் பிள்ளைகளை உட்காரவைத்து அங்கேயே இருப்பார்கள்.

இப்போது சிலர் செல்போனில் குழுப்படம் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பிவிட்டு அதையே கணக்காக வைத்துக்கொள்கிறார்கள். படம் எடுத்த நிமிஷத்தில் பிள்ளை இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே சீருடை என்பதால், கூட்டத்தில் எடுத்த படத்தில் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்று பிரித்தறிவதும் கஷ்டம். காணாமல் போனால் காட்டி விசாரிக்க அது உதவும், எண்ணுவதற்கு உதவாது.

சோடி முறையால் ஆகாததும் உண்டு. 2007 பிப்ரவரியில் கேரளத்துத் தட்டேக்காட்டில் படகு கவிழ்ந்து 15 பள்ளிப் பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2024 ஜனவரியில் வதோதரா ஹர்ணி ஏரியில் 12 மாணவர், 2 ஆசிரியர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகில் எத்தனை சரியாக எண்ணினாலும் பயனில்லை. அங்கே ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை, உயிர்காப்பு உடை எல்லாருக்கும் இருக்கிறதா, படகு கொள்ளும் அளவு என்ன என்று கேட்டு, இல்லையென்றால் ஏற மறுப்பது.

அடுத்த சுற்றுலாவுக்கு ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும்போது, பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். என் பிள்ளைக்குச் சோடி யார், எங்கெங்கே எண்ணுவீர்கள் என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள்.