வைக்கோல்காரன் ஏறிய ஜீப்

1973-இல் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் மிட்சுபிஷி ஒரு மாதிரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. காடு, மேடு, மணல் எதுவானாலும் ஏறி இறங்கும் ஜாதி. பெயர் பஜேரோ. அதே பெயரில் 1982-இல் விற்பனைக்கும் வந்தது. மூன்றே வருடத்தில், 1985-இல், பாரிஸ்–டகார் பந்தயத்தில் சஹாரா மணலைக் கிழித்துக்கொண்டு போய் முதலிடம் பிடித்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. பின்கதவில் எழுதியிருந்த பெயரில்தான் சங்கதி.

பெயர் வந்தது ஒரு பூனையிடமிருந்து. அர்ஜென்டினாவின் பாம்பாஸ் புல்வெளியில் நம் வீட்டுப் பூனை அளவில் ஒரு காட்டுப் பூனை உண்டு. ஆளுயரப் புல்லுக்குள் பதுங்கித் திரிவதால் அந்த ஊர்க்காரர்கள் அதை ‘காட்டோ பஹேரோ’ என்பார்கள். காட்டோ என்றால் பூனை, பாஹா என்றால் வைக்கோல், காய்ந்த புல். விலங்கியல்காரர்களும் அந்தச் சொல்லையே எடுத்து அதன் அறிவியல் பெயரில் சேர்த்துவிட்டார்கள். சிறுத்தை, புலி என்று எல்லோரும் வைக்கிற பெயரை விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாத ஒரு பூனையைத் தேடிப் பிடித்தார்களே, அந்த ரசனையைப் பாராட்டத்தான் வேண்டும். பூனையின் ஊரில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஸ்பானிய மொழியில் ‘ஏரோ’ என்ற விகுதி நம் ‘காரன்’ மாதிரி. லெச்சே என்றால் பால், லெச்சேரோ பால்காரன். ஸபாத்தோ என்றால் செருப்பு, ஸபாத்தேரோ செருப்புத் தைப்பவர். அந்தக் கணக்கில் பஹேரோ வைக்கோல்காரன். அகராதியைப் புரட்டினால் இந்த யோக்கியமான பொருள் கிடைக்கும். வம்பு என்னவென்றால், பேச்சு வழக்கில் பாஹா என்பதற்கு சுயஇன்பம் என்றும் ஒரு பொருள். ஆக, பஹேரோ என்றால் கையடிக்கிற பயல். அர்ஜென்டினாவில் நண்பனைக் கிண்டல் பண்ணவும், குறுக்கே வண்டியை விட்டவனைத் திட்டவும் இதுதான் கைவசம் இருக்கும் சொல். அங்கே ஒரு குடும்பஸ்தர் கடன் வாங்கிக் கார் எடுத்து, இந்தப் பட்டத்தைப் பளபளக்கும் எழுத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் நிறுத்துவாரா?

இதில் பூனைக்கு ஒரு பங்கமும் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. முன்னால் ‘காட்டோ’ இருப்பதால் அது புல்வெளிப் பூனை. ஜப்பான்காரர்கள் பூனையை இறக்கிவிட்டுப் பட்டத்தை மட்டும் வண்டியில் ஏற்றினார்கள். தவறு நடந்த இடம் இது. காதால் கேட்டும் பிடிபட்டிருக்காது. ஜப்பானில் அதைப் ‘பஜேரோ’ என்கிறார்கள், ஸ்பானியரோ அதில் வரும் ‘j’ எழுத்தை ‘ஹ’ என்று படிப்பார். வாயால் சொன்னால் தப்பிக்கும், எழுதிக் காட்டினால் மாட்டும்.

கடைசியில் ஸ்பெயினிலும் ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்காவிலும் அதே வண்டி ‘மொன்டேரோ’ என்று விற்கப்பட்டது. மொன்டே என்றால் மலை, காடு; மொன்டேரோ மலைவேட்டைக்காரன். மானம் போனதும் ‘ஏரோ’வால், மீண்டதும் ‘ஏரோ’வால்.

இப்படிப்பட்ட கதைகளில் உலகம் சுற்றுவது செவ்ரோலே நோவாதான். ‘நோ வா’ என்றால் ஸ்பானியத்தில் ‘ஓடாது’, அதனால் மெக்சிகோவில் யாரும் வாங்கவில்லை என்று மேலாண்மை வகுப்புகளில் சத்தியம் செய்வார்கள். சுத்தப் புருடா. ‘நோவா’வில் அழுத்தம் முதல் அசையில் விழும், ‘நோ வா’வில் ‘வா’வில் விழும். ஸ்பானியக் காதுக்கு இரண்டும் வேறு வேறு. மெக்சிகோ அரசின் பெட்ரோல் நிறுவனமான பெமெக்ஸே ‘நோவா’ என்ற பெயரில் பெட்ரோல் விற்றது. ஜனங்களும் நிரப்பிக்கொண்டு போனார்கள். ஒரு பெயரைப் பிய்த்துப் பார்த்தால்தான் கெட்ட பொருள் வருமென்றால் அது தப்பித்துவிடும். பஹேரோவைப் பிய்க்கத் தேவையில்லை, முழுசாகவே வசவு.

இவ்வளவு நடந்த பிறகாவது ஜப்பானியர்கள் ஸ்பானியப் பக்கம் போகாமல் இருந்தார்களா? மஸ்தா 1999-இல் ஒரு குட்டிக் காருக்கு ‘லபுட்டா’ என்று பெயர் வைத்தது. கலிவரின் பயணங்களில் வரும் பறக்கும் தீவின் பெயர் அது. ஸ்பானியத்தில் ‘லா புட்டா’ என்றால் வேசி. நல்ல வேளை, அந்தக் கார் ஜப்பானை விட்டு வெளியே விற்கப்படவில்லை.

பஜேரோவோ தன் சொந்தப் பெயரிலேயே உலகின் பல நாடுகளில் கௌரவமாக ஓடியது. அர்ஜென்டினாவுக்குப் பக்கத்து நாடான பிரேசிலில் பேசுவது போர்த்துகீசியம் என்பதால், அங்கே அந்தப் பெயரிலேயே தயாரித்து விற்றார்கள். நம் பக்கத்திலும் அப்படித்தான்: சென்னையை அடுத்த திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பஜேரோ ஸ்போர்ட் வண்டிகள் பூட்டப்பட்டு, அதே பெயர்ப் பட்டையோடுதான் வெளியே வந்தன.